அமராவதி அக்கா அனுப்பிய எட்டுப் படங்கள்

அமராவதி அக்கா முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். அந்த முப்பது வருஷத்தில் கடலூரிலும் சிதம்பரத்திலுமாகப் பதினொரு வாடகை வீடு. "ஆணி அடிக்கக் கூடாது, சுவத்துல எதுவும் ஒட்டக் கூடாது" என்பதைப் பதினொரு பேர் வாயால் கேட்டவர். ஓய்வு பெற்ற பணத்தில் சிதம்பரத்துக்கு வெளியே சொந்த வீடு கட்டினார்கள். உள்அலங்கார வேலை என்னிடம் வந்தது. கடலூரில் எனக்கு ஒரு சின்ன அலுவலகம், பெரிய வாய்.

யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். பிடித்த படங்களைச் சேருங்கள். ஏன் பிடித்தது என்று யோசிக்காதீர்கள், கண் நின்றால் எடுத்து வையுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பரப்பிப் பார்த்தால் ஒரே நிறம் திரும்பத் திரும்ப வரும், ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும். அதுதான் உங்கள் ரசனை. ஒரே ஒரு தடவை வந்து போவதை ஓரமாக வைத்துவிடலாம்.

வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினேன். பெங்களூரில் இருக்கும் மகள் நாற்பத்தொரு படம் போட்டாள். அக்காவின் வீட்டுக்காரர் இளவரசு சார் பதினைந்து. எல்லாம் சாம்பல், வெள்ளை, நேர்க்கோடு, கூர்மையான மூலை. அக்கா அனுப்பியது எட்டு. அதில் ஒன்றுகூட வீட்டுப் படம் இல்லை. பண்ருட்டிச் சந்தையில் பிளந்து வைத்த பலாப்பழம். கடலூர் துறைமுகத்தில் ஒரு படகின் முகப்பு. மழையில் நனைந்த பீர்க்கம்பூ. யார் வீட்டிலோ சாப்பிட்ட எனாமல் தட்டு.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. "அக்கா, சமையல் குறிப்பு இல்ல, வீட்டுப் படமா அனுப்புங்க" என்று போட்டேன். மகள் சிரிக்கிற பொம்மை போட்டாள். அக்கா, "சரி ரேகா, எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா" என்று எழுதினார். அதற்குப் பிறகு அவர் ஒரு படமும் அனுப்பவில்லை. அறுபத்து நாலில் எட்டு, ஒட்டாத சரக்கு என்று தள்ளிவிட்டேன்.

வீடு பிரமாதமாக வந்தது. வந்தவர்கள் எல்லாரும் செல்போனை எடுத்தார்கள். எனக்கு அதைப் பார்த்தே நாலு வேலை கிடைத்தது.

ஒரு வருஷம் கழித்துச் சமையலறைக் கதவு ஒன்று தொங்குகிறது என்று கூப்பிட்டார்கள். ஆசாரியோடு நானும் போனேன். கூடத்தில் சாம்பல் சோபா கசங்காமல் இருந்தது. அக்காவைக் காணோம்.

"அவ பின்னாடிதான் இருப்பா. கூடத்துல உக்காரவே மாட்டேங்கறா" என்றார் இளவரசு சார்.

துணி துவைக்கும் இடத்தில், மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தார். பழைய வட்ட ஸ்டூல் ஒன்றுக்கு அவரே கரும்பச்சை அடித்திருந்தார். அதன்மேல் மஞ்சள் துணியில் தைத்த வட்டத் திண்டு. சுவரில், படத்தில் அனுப்பிய அந்த எனாமல் தட்டு மாதிரியே ஒன்றை வாங்கி ஆணி அடித்து மாட்டியிருந்தார். வெளியே பச்சை விளிம்பு, உள்ளே மஞ்சள்.

போனை எடுத்து அந்த எட்டையும் தேடி ஒன்றாக வரிசைப்படுத்தினேன். பலாப்பழம் வெளியே பச்சை, உள்ளே மஞ்சள். பச்சைப் படகில் மஞ்சள் பட்டை. பச்சைக் கொடியில் மஞ்சள் பூ. எட்டிலும் ஒரு கூர்மூலை கிடையாது, எல்லாம் வளைவு. ஒரு ஆளுக்கு ஒரு வரிசை என்று தனித்தனியாகப் பரப்பியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. மூன்று பேர் ரசனையை ஒரே குவியலாகக் கொட்டி எண்ணிக்கை பார்த்தேன். இதில் நான் அடுத்தவருக்குப் பாடம் எடுக்கிறவள் வேறு. என்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

போனை அவரிடம் நீட்டினேன். "அக்கா, இதப் பாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார்.

"அட, எல்லாம் ஒரே மாரி இருக்குதே!"

"கூடத்த மாத்திடலாங்க்கா. என் செலவுலயே பண்றேன்."

"வேணாம்மா. அவுங்களுக்குப் புடிச்சிருக்கு. வர்றவங்களும் நல்லாருக்குன்றாங்க."

போனைத் திருப்பித் தரவில்லை. இன்னொரு தரம் எட்டையும் விரலால் தள்ளிப் பார்த்தார்.

"உனக்கு என்னா புடிக்கும்னு என்னய யாரும் கேட்டதில்ல ரேகா. நீ கேட்டன்னுதான் ஊரெல்லாம் பாத்துப் பாத்து எடுத்தேன்" என்றார். "எனக்குத் தெரிஞ்சிதான் இருந்துருக்கு, இல்ல?"