சீரகக் கடைக்காரரின் கருந்தாடி

பாரசீகத்துக் கெர்மான் நகரின் கடைத்தெருவில் சீரகம் விற்ற நுஸ்ரத்துல்லாவுக்கு வயது அறுபத்திரண்டு. அவரைக் கேட்டால் நாற்பத்தெட்டு என்பார். பத்து வருடமாக அதே நாற்பத்தெட்டுதான்! அதற்கு அவர் காட்டும் ஒரே சாட்சி, ஒட்டக் கத்தரித்த கருகரு தாடி. எதிர்க்கடைக்காரன் தாடியில் கொஞ்சம் சிவப்பு தெரிந்தால் போதும், "சாயம் வெளுக்குது பாரு" என்று கடை கடையாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவார். அப்படி ஒரு நல்ல மனசு.

அவருடைய சாயம் மட்டும் ரகசியம். வியாழக்கிழமைதோறும் விடிந்ததும், ஹம்மாம் என்ற பொதுக் குளியல்கூடத்தில் வேலைசெய்யும் ஸஃபர், குழைத்து ஊறவைத்த மருதாணியை அப்பிவிடுவான். விரலில் சிவப்பு ஒட்டக்கூடாதென்று முதலாளி தன் கையால் தொடவே மாட்டார். நன்றாகச் சிவந்ததும் கழுவிவிட்டு, அவுரி இலைப்பொடியை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஆறவிடாமல் மேலே பூசுவான். அலசிய பிறகு சோப்புப் போடக்கூடாது. மறுநாளைக்குள் காற்றுப் பட்டுக் கறுத்துவிடும்.

அந்தக் குளிர்காலத்தில் காய்ச்சல் வந்து இரண்டு மாதம் படுத்துவிட்டார். வெந்நீர் வைத்துக் கொடுக்கக்கூட வீட்டில் ஆளில்லை. கட்டிலில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோதுதான், பாவம், மனிதருக்குப் பயம் பிடித்தது. இப்படியே தனியாகச் செத்துப்போவோமோ? எழுந்து நடமாடியதும் செம்புக்கொல்லன் ரஜபின் அக்கா மாஹ்லகாவைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். விதவை. வெள்ளிக்கிழமை தேநீருக்கு வரச்சொல்லிப் பதில் வந்தது.

ஆனால் தாடி? பழைய கறுப்பெல்லாம் கத்தரியோடு போய், முகம் முழுக்கப் பஞ்சு! வியாழனன்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஹம்மாமுக்கு ஓடினார். ஸஃபர் மருதாணியை அப்பிக் கையைக்கூடக் கழுவவில்லை, வாசலில் குரல் கேட்டது. ரஜப்!

"ஐயோ, மச்சான்காரன்! கழுவுடா, கழுவு!"

"இப்பதான் வச்சேன் முதலாளி. துளிகூடப் பிடிக்கல."

"பிடிச்சவரைக்கும் போதும். அவுரியைப் போடு!"

"வெள்ளை முடியில நேரா அவுரி போட்டா பச்சையா போயிடும். சிவப்பு அடியில இருந்தாதான் கறுக்கும்."

"என் தாடிக்கு நீ பாடம் நடத்தாதே."

இருட்டு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஸஃபர் கையால் அவுரி பூசிக்கொண்டார். அலசியபோது பச்சை. எப்போதும் முதலில் கொஞ்சம் பச்சையாகத்தானே இருக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலையில் கண்ணாடியைப் பார்த்தார். உரித்த பிஸ்தாப் பருப்பு நிறம்!

போகாவிட்டால் சம்பந்தம் போச்சு. போனார். ரஜப் தேநீரை நீட்டிவிட்டுக் கூரையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினான். பக்கத்து அறைக் கதவிடுக்கில் நின்ற மாஹ்லகா அடக்கவே இல்லை. அவள் விழுந்து விழுந்து சிரித்தது தெருவரைக்கும் கேட்டிருக்கும். நுஸ்ரத்துல்லா கூனிக்குறுகிப் போனார்.

மறுநாள் ரஜப் ஒரு கிண்ணம் நிறைய மருதாணிப்பொடி கொண்டுவந்தான்.

"அக்கா குடுத்துச்சு. பச்சை போகணும்னா மறுபடி மருதாணி வச்சு நல்லா ஊற விடணுமாம். மேல அவுரி போடக்கூடாதாம். செம்பட்டைத் தாடியோட கடைத்தெரு வழியா நடந்து வந்தா, அக்காவுக்குச் சம்மதமாம்."

"செம்பட்டையோடயா? எல்லாரும் பார்ப்பானுங்களே!"

"செத்துப்போன மாமா வாயைத் திறந்தா பொய்தான். அக்கா பட்டது போதும்னு சொல்லுது."

நுஸ்ரத்துல்லாவுக்குக் கண் கலங்கியது. அன்றே ஹம்மாமுக்குப் போய், அசையாமல் உட்கார்ந்து, மருதாணியை முழுசாக ஊறவிட்டார். கழுவினால் பச்சை அடியோடு போய்த் தாடி தகதகவென்று சிவந்திருந்தது. "ஜோரா இருக்கு முதலாளி, கிளம்புங்க" என்றான் ஸஃபர். கிளம்பினார். ஹம்மாம் வாசல்வரை வந்தார். வெளியே கடைத்தெருச் சத்தம் கேட்டது. எதிர்க்கடைக்காரனின் சிரிப்பும் அதில் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ஸஃபர், அவுரியைக் கரை."

மறுநாள் தாடி அட்டக்கறுப்பு. மருந்துக்கும் பச்சை இல்லை. ஸஃபர் தன் வாழ்நாளில் அப்படி ஒரு கறுப்பு போட்டதில்லை. கண்ணாடியைப் பார்த்ததும் நுஸ்ரத்துல்லாவுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. இந்த அழகைப் பார்த்தபிறகு எவள் வேண்டாமென்பாள்? நிமிர்ந்து நடந்து போய் ரஜபின் கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்த ரஜப் வழிவிடவில்லை.

"அக்கா மாடியிலேருந்து பார்த்துடுச்சு. ரொம்ப அழகா இருக்காம். ஆனா அக்காவுக்கு இப்ப அம்பத்தாறு ஆகுது. நாப்பத்தெட்டு வயசுப் பையனைக் கட்டிக்கிட்டா ஊர் சிரிக்குமாம்."

"தம்பி... எனக்கு..."

அறுபத்திரண்டு என்று சொல்ல வாய் திறந்துவிட்டார். அந்த நேரம் பார்த்தா எதிர்க்கடைக்காரன் தெருவில் நின்று இந்தப் பக்கம் பார்க்கவேண்டும்? வாயை மூடிக்கொண்டார்.