அடியில் எழுதிய வரி

எங்கள் கம்பெனியில் ஆர்டர் ஷீட்டை யாரும் அடித்துத் திருத்த மாட்டார்கள். நிறம் மாறினாலும் அளவு மாறினாலும் தாளின் அடியில் புதிதாக ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம். பெருமாநல்லூர் பக்கம் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாகக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பழக்கம் என் கைக்கும் வந்துவிட்டது. சர்வரில் எந்தக் கோப்பைத் திறந்தாலும் நேராக அடிக்குப் போய்த்தான் எழுதுவேன்.

அன்று மதியம் பன்னிரண்டு மணிக்குத் திருப்பூரில் மனைவிக்கு ஸ்கேன். ஐந்தாம் மாதம். முதல் இரண்டு ஸ்கேனுக்கும் நான் போகவில்லை. இரண்டு தடவையும் சர்வர்தான் காரணம். இந்த முறை கட்டாயம் வருகிறேன் என்று காலையில் காபி குடிக்கும்போது சொல்லிவிட்டு வந்திருந்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பத்தரை மணிக்கு, கம்ப்யூட்டர் பாதுகாப்பைச் சோதித்த ஆடிட்டர் அனுப்பிய பட்டியலைக் கையில் எடுத்தேன். சர்வருக்குள் நுழைய வருகிறவர் ஒரு நிமிடத்துக்குள் நுழைந்தாக வேண்டும் என்று அதில் ஒரு விதி. ஒரே வரி வேலை. சர்வருக்குள் யார் எப்படி நுழையலாம் என்று சொல்லும் sshd_config கோப்பைத் திறந்து அடியில் LoginGraceTime 60 என்று எழுதினேன், சேமித்தேன், நுழைவைக் கவனிக்கும் sshd சேவையை ரீஸ்டார்ட் செய்தேன். பழையது நின்றது. புதியது எழுந்திருக்கவில்லை.

சர்வர் இருப்பது எங்கள் காங்கேயம் யூனிட்டில், பூட்டிய அறையில். சாவி வைத்திருப்பவர் அன்று லீவு. நல்லவேளை, திரையில் ஏற்கெனவே திறந்திருந்த என் இணைப்பு ஜன்னல் மட்டும் உயிரோடு இருந்தது; சேவை நின்றாலும் உள்ளே இருப்பவரை அது வெளியே தள்ளாது. அந்த ஒரு ஜன்னல் போனால் பைக்கை எடுத்துக்கொண்டு காங்கேயம் போய்ப் பூட்டை உடைக்க வேண்டியதுதான். ஸ்கேனும் போச்சு.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. எங்கள் ஜெனரேட்டர் தையல் மிஷின்களுக்கு மட்டும்தான். என் லேப்டாப்புக்குப் பேட்டரி இருந்தது; ஆபீஸ் ரௌட்டர் ஒரு கிழட்டு யூ.பி.எஸ்ஸை நம்பி ஓடியது, அது நின்றால் என் ஜன்னலும் போகும். யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்தது.

கட்டிங் சூப்பர்வைசர் கதவில் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, துணி வெட்டற பேட்டர்ன் பைல் வரலீங்களே. சர்வர் கனெக்சனே கிடைக்கலைன்னு பேட்டர்ன் போடறவங்க போன் பண்றாங்க."

"பத்து நிமிசங்க," என்றேன். மனசுக்குள் சொன்னது வேறு.

இன்னொரு தடவை ஸ்டார்ட் கொடுத்தேன். அதே தோல்வி. மூன்றாம் தடவைக்குப் போன கையை நானே இழுத்துக்கொண்டேன். முட்டாள்தனத்துக்கும் ஓர் அளவு உண்டு. முதலிலேயே செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன்: sudo sshd -t. இது சேவையைத் தொடங்காது; கோப்பைப் படித்துப் பார்த்துத் தப்பு இருந்தால் மட்டும் வாயைத் திறக்கும். திறந்தது. நூற்று இருபத்து நான்காம் வரி, LoginGraceTime, Match பகுதிக்குள் இதற்கு அனுமதி இல்லை.

சிலருக்கு மட்டுமான விதிகளை எழுதும் அந்த Match பகுதியும் நான் எழுதியதுதான். பேட்டர்ன் போடுகிறவர்கள் தங்கள் போல்டரைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது என்று போன வருடம் கோப்பின் அடியில் சேர்த்தது. அதற்கு முடிவுக்குறி கிடையாது. அடுத்த Match வரும்வரை, வராவிட்டால் கோப்பு முடியும்வரை, கீழே எழுதுவதெல்லாம் அதற்குள்தான் சேரும். நுழைவதற்கான நேரமோ சர்வர் முழுமைக்கும் பொதுவானது. ஒரு சிலருக்கு மட்டும் என்று வைக்க முடியாது. வரியில் குற்றம் இல்லை, இடம்தான் தப்பு. எழுதிய கையில்தான் குற்றம்.

வரியை வெட்டி Match தொடங்குவதற்கு மேலே ஒட்டினேன். மறுபடி sshd -t. ஒரு வார்த்தையும் வரவில்லை. அந்த அமைதி அவ்வளவு பிடித்திருந்தது. சேவையைத் தொடங்கினேன், எழுந்தது. பழைய ஜன்னலை மூடாமல் இன்னொன்றைத் திறந்து உள்ளே போகிறதா என்று பார்த்தேன். போனது. பேட்டர்ன் பைலும் வந்து இறங்கியது. அதற்குப் பிறகே பழையதை மூடினேன். யூ.பி.எஸ். இன்னும் கத்திக்கொண்டிருந்தது. கத்தட்டும் என்று விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்தபோது பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மனைவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் அவள் அக்கா, சோமனூரிலிருந்து.

"வந்துட்டீங்களா," என்றாள் மனைவி. கோபம் இல்லை. "நீங்க வருவீங்களோ மாட்டீங்களோன்னு அக்காவை வரச் சொல்லிட்டனுங்க."

நர்ஸ் அவள் பெயரைக் கூப்பிட்டார். கூட ஒருத்தர் மட்டும் வரலாம் என்றார். மனைவி என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"அக்கா காலைலயே பஸ் ஏறி வந்திருக்குதுங்க," என்றாள் என்னிடம்.

எனக்கு வலித்தது. ஆனால் அவள் செய்ததில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. "அக்காவே போகட்டும்," என்றேன். அவர்கள் உள்ளே போனார்கள். நான் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன்.