முள் இறங்காத காபி

ஜெபாவுக்கு, கும்மிடிப்பூண்டி வால்வு கம்பெனியில் பிரஷர் டெஸ்ட் வேலை. பிரஷர் மீட்டரின் முள் இறங்கினால் லீக் என்று அர்த்தம், சரக்கைக் கழித்துத் தள்ளிவிடுவான். வீட்டில் வாங்கி வைத்த எஸ்பிரஸோ மெஷினுக்கும் அதே சட்டம்தான். எடுத்த எடுப்பில் ஒன்பது பார் அழுத்தம், கடைசிச் சொட்டு வரைக்கும் ஒன்பது பார். காபி கஷாயமாகக் கசந்தது.

"இன்னிக்கும் கசந்துச்சுன்னா மெஷின வித்துடுவேன்யா," என்றாள் பெண்டாட்டி சோனியா.

பயந்துபோனவன், மெஷின் விற்றவர் தலைபாடாக அடித்துக்கொண்டு சொன்னதை அன்றுதான் செய்தான். முதலில் இரண்டு பாரில் எட்டு செகண்ட் தூளை நனையவிட்டான். தண்ணீர் ஒரே பக்கமாகப் பிய்த்துக்கொண்டு ஓடவில்லை. பிறகு ஒன்பது. கடைசியில் மனசே இல்லாமல் ஆறுக்கு இறக்கினான்.

சோனியா உறிஞ்சினாள். கசப்பைக் காணோம், நாக்கில் வெல்லம்போல் ஒரு தித்திப்பு.

"இத்தினி நாளா காபியா குடுத்த, என்னை டெஸ்ட் பண்ணிக்கினு இருந்தியா?"

ஜெபா காதிலேயே வாங்கவில்லை. முள் இறங்கிவிட்டதே என்று, லீக்கைத் தேடி மெஷினின் அடியைத் தடவிக்கொண்டிருந்தான்.