மூன்று தாள்களில் ஒரே வரி

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்திக்கொண்டிருந்தேன். மாதிரித் தேர்வுக்கு நானே ஒரு கேள்வி தயாரித்தேன். ஊருக்கு வரும் சிறப்புப் பேருந்துகளின் எண்ணிக்கை ஒரு பக்கம், குழந்தையைக் காணோம் என்ற ஒலிபெருக்கி அறிவிப்புகள் மறுபக்கம். இரண்டும் எவ்வளவு சேர்ந்தே கூடிக் குறைகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவைக் கண்டுபிடித்து விளக்க வேண்டும். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில்தான் இரண்டுமே கூடுகின்றன என்று யாராவது எழுதுவார்கள் என எதிர்பார்த்தேன்.

கணக்கை எல்லோரும் சரியாகவே போட்டிருந்தார்கள். விடை ஒன்றுக்கு மிக அருகில், அதாவது மிக வலுவான உறவு. ஆனால் மூன்று தாள்களில் அடுத்த வரி எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தது: 'உறவு வலுவாக இருப்பதால் முதலாவதே இரண்டாவதற்குக் காரணம்.' அந்த மூவரில் ஒரு பெண் இன்னும் ஒரு படி போய், பேருந்தைக் குறைத்தால் குழந்தைகள் தொலையாது என்று எழுதியிருந்தாள்.

துறைத்தலைவர் எட்டிப் பார்த்தார். "காப்பி அடிச்சிருக்காங்க மேடம். மூணு பேருக்கும் முட்டை போடுங்க."

எனக்கும் அதே எண்ணம்தான். ஆனாலும் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று பார்த்தேன். மூவரும் வெவ்வேறு அறை.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்துபோகும் அந்தப் பெண்ணை வராந்தாவில் நிறுத்திக் கேட்டேன்.

"யாரையும் பாத்து எழுதல மேடம். டியூஷன்ல இப்படித்தான் எழுதணும்னு சொன்னாங்க. மார்க் ஜாஸ்தி வரும்னாங்க."

"யாரு டியூஷன்?"

அவள் ஆசிரியர் அறைக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

துறைத்தலைவர் வேங்கிக்காலில் வீட்டிலேயே பாடம் எடுக்கிறார் என்று ஒரு பேச்சு உண்டு. கல்லூரியில் அதற்கு அனுமதி கிடையாது. உள்ளே போய் அவரிடம், "தனித்தனி ரூம் சார். பாத்து எழுதிருக்க முடியாது. ஒரே எடத்துல படிச்சிருப்பாங்க," என்றேன்.

"எந்த எடம்?" என்றார், தலை நிமிராமல்.

"தெரியல சார்."

அந்தத் தலை நிமிராமையே எனக்குப் போதுமான சாட்சியாகத் தோன்றியது. பிறகு கட்டுப்படுத்திக்கொண்டேன். வதந்தியும் அந்தக் குனிந்த தலையும் ஒன்றாக வந்தன, அவ்வளவுதான். அவர் வேறு வேலையாகக்கூட இருந்திருக்கலாம். அவர் பெயரை யாரிடமும் எடுக்கவில்லை. மூவருக்கும் கணக்குக்கு முழு மதிப்பெண், விளக்கத்துக்குப் பூஜ்யம்.

மறுநாள் வகுப்பில் கேட்டேன். "பௌர்ணமி இல்லாத நாள்ல நூறு பஸ் காலியா வந்தா, பிள்ளைங்க தொலைவாங்களா?"

சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "கூட்டம்தான் மேடம், ரெண்டுக்கும்," என்றாள் மெதுவாக.

அடுத்த வாரம் அவளே வந்து நின்றாள். "டியூஷன்ல அந்த வரிய மாத்திட்டாங்க மேடம்."

"நீ போய்ச் சொன்னியா?"

"நான் சொல்லல. மத்தவங்க சொன்னாங்களான்னு தெரியல."

தலைவர் அன்று என்னிடம் வழக்கத்துக்கு மாறாக, டீ குடிக்கிறீர்களா என்று கேட்டார். குடித்தேன். அதற்கு என்ன காரணம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.