நான்காம் படத்தின் வலது கை

"செவ்வாய், பங்குனி. பாகலூர் நோட்டீஸ் புரூஃப் பஸ்ஸில் அனுப்பியாயிற்று. ஆறு படத்துக்கும் பெயர் நானே எழுதினேன்."

என் பழைய நோட்டுப் புத்தகத்தில் இப்படி இருக்கிறது. தேதியும், ஆண்டின் கடைசி இலக்கமும் தண்ணீர் பட்டு அழிந்துவிட்டன. 195 என்பது மட்டும் தெரிகிறது. ஓசூர் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. அங்கே ஓர் அச்சகத்தில் நான் அச்சுக் கோக்கும் கம்பாசிட்டர். புரூஃப் திருத்துவதும் நானேதான். இந்தக் குறிப்பில் "நானே" என்ற சொல்லை அன்று எவ்வளவு திருப்தியோடு எழுதினேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

1. ஆறு படங்கள்

பாகலூர் பக்கத்து ராமர் கோயில் ஒன்றின் உற்சவக் கமிட்டி, ராமநவமிக்கு நோட்டீஸ் கேட்டிருந்தது. இரண்டாம் நாள் சாரதம்மாவின் நாட்டியம். சாரதம்மா மத்திகிரியில் வாடகை வீட்டில் இருந்தவர். கோயிலில் ஆடிவந்த குடும்பம். தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்து அது நின்ற பிறகு எந்தக் கோயிலும் அவரைக் கூப்பிடவில்லை. கமிட்டியிலும் பாதிப் பேருக்கு இஷ்டமில்லை. அவருக்கு இது பல வருஷத்துக்குப் பிறகு கிடைத்த முதல் மேடை.

பெங்களூரில் எடுத்த ஆறு போட்டோக்கள் நேராக அங்கேயே பிளாக், அதாவது படத்தைப் புள்ளி புள்ளியாகச் செதுக்கிய அச்சுத் தகடு, செய்யப் போயின. முதலில் பிளாக்குகள் மட்டும் வந்தன; போட்டோக்கள் மறுநாள் பஸ்ஸில் வரும் என்றார்கள். நான் பிளாக்குகளில் மை தடவி ஒரு தாள் எடுத்து, அதைப் பார்த்தே பெயர் எழுத உட்கார்ந்தேன். அபிநயம் பற்றி இரண்டு மூன்று புத்தகங்கள் படித்திருந்தேன். மத்திகிரிக்கு ஓர் ஆளை அனுப்பி அந்த அம்மாவையே கேட்டிருக்கலாம். தோன்றவில்லை.

முதல் படம் சுலபம். இடது கால் தூக்கியிருக்கிறது, வலது கை அபயம், இடது கை யானைத் துதிக்கைபோல் குறுக்கே வந்து தூக்கிய காலைக் காட்டுகிறது. நடராஜர். இரண்டாவதில் இரு கைகளும் மிருகசீர்ஷம்: நடு மூன்று விரல்கள் மடிந்து, கட்டை விரலும் சுண்டு விரலும் நீண்டு, முகத்துக்குப் பக்கவாட்டில் ஒன்றையொன்று பார்க்கின்றன. புல்லாங்குழல், ஆகவே கிருஷ்ணர். மூன்றிலும் ஐந்திலும் இரு கைகளும் ஒரே முத்திரை, கபித்தம். விரல்களை மூடி, ஆள்காட்டி விரலைக் கட்டை விரல் நுனியில் வளைத்து வைப்பது. அது தோள் உயரத்தில் இருந்தால் லட்சுமி, மார்புக்கு முன்னால் இருந்தால் விநாயகர். ஆறாவதில் இடது கை கபித்தம், வலது கையில் ஆள்காட்டி விரல் மட்டும் நீண்ட சூசி. சரஸ்வதி.

நான்காவதில் இடது கை முன்னே நீண்டு சிகரம் பிடித்திருந்தது. மூடிய கை, நிமிர்ந்த கட்டை விரல். வில்லைப் பிடிக்கும் கை. வலது கை காதோரம் இழுத்திருந்தது. வில் பிடிப்பவர் ராமராகவும் இருக்கலாம், மன்மதனாகவும் இருக்கலாம். இடது கை இருவருக்கும் ஒன்றுதான். வலது கை கபித்தமானால் ராமர். கட்டை விரலோடு இரண்டு விரல்கள் சேர்ந்து, மோதிர விரலும் சுண்டு விரலும் மேலே எழுந்திருந்தால் அது கடகாமுகம். பூப் பறிக்கும் கை, மன்மதனின் பூ அம்புக்கு உரியது. தாளில் அந்தக் கைக்கு மேலே இரண்டு வெள்ளைக் கோடுகள் எழுந்து நின்றன. விரல்கள் என்று எடுத்துக்கொண்டேன். "மன்மதன்" என்று அச்சுக் கோத்தேன்.

முதலாளி ஓபுளப்பா எட்டிப் பார்த்தார். "ராமர் கோயில் நோட்டீஸ்ல மன்மதனா? சரியாத்தான் போட்டிருக்கியாப்பா?"

"முத்திரை அப்படித்தான் சொல்லுதுங்க."

"சரி, ஓசூர்ல உனக்குத் தெரியாதது ஒண்ணு இருந்தாத்தானே" என்று சிரித்துவிட்டுப் போனார்.

2. சாரதம்மா வந்தது

வியாழக்கிழமை காலை சாரதம்மா அச்சகத்துக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். மத்திகிரியிலிருந்து நடந்தே வந்திருந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"நான் மன்மதன் ஆடப்போறேன்னு யாருங்க எழுதுனது?"

"நான்தாங்கம்மா."

"கமிட்டித் தலைவர் ரெட்டியோட ஆளு வந்து சொல்லிட்டுப் போறாரு. ராமர் சன்னிதில மன்மத ஆட்டம் ஆடுறவ வேணாம்னு கமிட்டில பேச்சாம். உங்க தாளைத்தான் காட்டுறாங்களாம்."

போட்டோக்கள் முந்தின நாளே வந்து, பிரிக்காத உறையில் மேஜைமேல் கிடந்தன. நான்காவதை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் மடிந்திருந்தன. கபித்தம்தான். மேலே எழுந்த இரண்டு வெள்ளைக் கோடுகள் சடையிலிருந்து பிரிந்த மல்லிகைச் சரத்தின் நுனிகள். போட்டோவில் பூவும் விரலும் தனித்தனியே தெரிந்தன. பிளாக்கின் புள்ளிகளில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

"கை தெரியலைன்னா மூஞ்சியப் பார்த்திருக்கலாமே" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, சலித்துப்போன குரல். கோத்த எழுத்துகளைச் சட்டத்தில் முடுக்கும் கல்மேடைக்குப் பக்கத்தில் நின்று, பையைக் கீழே வைத்துவிட்டு, வில்லைப் பிடித்துக் காட்டினார். "இது மன்மதன்." தலை ஒரு பக்கம் சாய்ந்தது, ஒரு புருவம் ஏறியது, கண் ஓரத்துக்குப் போனது, உதட்டோரத்தில் சிரிப்பு. "அவன் எய்யுறப்பவே சிரிப்பான். இது ராமர்." தலை நிமிர்ந்தது. இரு கண்களும் ஒரே மட்டத்தில் நேரே நின்றன. உதடு மூடியிருந்தது. கால் மாறவில்லை, இடது கை அசையவில்லை. ஆனால் ஆளே வேறு.

மறுபடியும் என் தாளைப் பார்த்தேன். கண் இருந்த இடத்தில் மை அடைத்து இரண்டு கறுப்புப் பொட்டுகள்தான் இருந்தன. முகம் தெரியாத படத்துக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன்.

3. பாகலூர்

அன்றே போட்டோவும் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கமிட்டித் தலைவர் முனிரெட்டி களத்தில் ராகி தூற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசுபவர். கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கண்ணருகே வைத்து நிதானமாகப் பார்த்தார்.

"அவுனு, ஆமா. விரல் மடிஞ்சுதான் இருக்குது. அப்போ இது நம்ம ராமர்தான்."

"ஆமாங்க ரெட்டிகாரு. தப்பு என்னுது. அந்தம்மா மேல ஒண்ணுமில்லைங்க."

"எனக்குப் புரியுதய்யா. ஊர்க்காரங்களுக்கு யார் சொல்றது? பேச்சு ஊரெல்லாம் போயிருச்சு. ரெண்டாம் நாளுக்கு ஹரிகதைக்காரருக்குக் காயிதம் போட்டாச்சு." கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். "படத்தை வேணா போடு. ராமர்னே போடு. படம் நல்லாத்தான் இருக்குது."

"ஆடுறவங்க இல்லாம படம் எதுக்குங்க?"

அவர் ராகியைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

ஓசூர் திரும்பியதும் மத்திகிரிக்குப் போய்ச் சொன்னேன். சாரதம்மா வாசலில் நின்றபடியே கேட்டார். "போட்டோவைக் குடுத்திருங்க" என்றார். கொடுத்தேன். நோட்டீஸ் படங்கள் இல்லாமல் அச்சாயிற்று.

அதன் பிறகு பல ஆண்டுகள் அச்சகத்தில் இருந்தேன். பிளாக் தாளைப் பார்த்து நான் பெயர் எழுதவில்லை. மூலப் போட்டோ வரும்வரை காத்திருந்தேன். முதலில் முகம், பிறகு கை, கடைசியில் கால் என்று பார்த்தேன். சந்தேகம் இருந்தால் பெயர் இடத்தைக் காலியாக விட்டு, ஆடியவரிடமே அனுப்பினேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

ஒன்று மட்டும் பாக்கி. என் புரூஃப் பாகலூர் போய்ச் சேர்ந்தது செவ்வாய் மாலை. ஹரிகதைக்காரருக்குக் கடிதம் போனது அதற்குப் பிறகு என்றால், சாரதம்மாவின் மேடையைக் கெடுத்தது நான். அதற்கு முன்பே போயிருந்தால், அவர்கள் தேடிக்கொண்டிருந்த காரணத்தை நான் அச்சடித்துக் கொடுத்தேன், அவ்வளவே. பின்னாளில் இரண்டு முறை முனிரெட்டியின் வீட்டில் விசாரித்தேன். கடிதத்தின் நகல் கிடைக்கவில்லை. அதன் தேதி இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.