சகலைக்கு ஒரு நாள் முன்னால்

அட்டைப்பெட்டிக்காரர் என்னிடமிருந்து தன் ஃபைலைப் பிடுங்கிக்கொண்டு போனதற்கு ஒரே காரணம், அவருடைய சகலையும் என்னிடமே ஜிஎஸ்டி கணக்குக் கொடுக்க வந்ததுதான். இருவருக்கும் அட்டைப்பெட்டி செய்து விற்கும் ஒரே தொழில். "என் பார்ட்டிங்க பேரெல்லாம் அவனுக்குப் போயிடும், மேடம்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். பதினைந்து வருஷமாக ரிட்டர்ன் போட்டுப் பிழைக்கிறவள் நான். எனக்கும் ரோஷம் உண்டு. தாராளமாக எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன்.

போனவர் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. யாரைப் பார்த்தாலும் சகலைக்கு வேண்டியவராகவே தெரிந்தது அவருக்கு. எட்டு மாதம் ரிட்டர்ன் போகவில்லை. ஜிஎஸ்டி பதிவில் என் மின்னஞ்சலை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தார். அதனால் பதிவையே ரத்து செய்யப்போவதாக வந்த நோட்டீஸும், பிறகு ரத்து உத்தரவும் எனக்கே வந்தன. மூன்று தடவை போன் செய்தேன். சகலைக்காகத் தூது பேசுகிறேன் என்று நினைத்து மூன்று தடவையும் கட் செய்தார்.

ஒரு மாதம் கழித்து, அவரிடம் பெட்டி வாங்கும் சோப்புக் கம்பெனிதான் அவருக்கு விஷயத்தைச் சொன்னது. ரத்தான எண்ணில் பில் வாங்க மாட்டோம், அடுத்த மாதக் கடைசிக்குள் அதற்கு மறுபடி உயிர் வராவிட்டால் மொத்த ஆர்டரும் உங்கள் சகலைக்கு என்று. அதைக் கேட்டதும் ஒரு சாக்கு நிறைய பில்லோடு ஓடிவந்தார்.

"ரத்தை நீக்கச் சொல்லி மனு மட்டும் போட்டுடலாமா, மேடம்?"

"அது நடக்காது. ரத்தான தேதி வரைக்கும் உள்ள எல்லா ரிட்டர்னும் முதல்ல போகணும். வரி, வட்டி, தாமதக் கட்டணம் எல்லாம் கட்டணும். அப்புறம்தான் மனு."

மாதம் மாதமாக வரிசையாகத்தான் போட முடியும். நாலு நாள் என் எதிரிலேயே உட்கார்ந்து பில் பிரித்தார். மூன்றாம் நாள் சகலை வந்தார். ஒரு மெல்லிய ஃபைலை நீட்டினார், பத்தே நிமிடத்தில் வேலை முடிந்து கிளம்பினார். "என்ன அண்ணே, இவ்வளவு பில்லா!" என்று ஒரு வார்த்தை வேறு. அட்டைப்பெட்டிக்காரருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. "வயிறு எரியுது, மேடம்" என்றார் வெளிப்படையாக.

மனுவில் காரணம் எழுதவேண்டிய இடம் வந்தது. "சகலை மேல கோபம்னு எழுதலாமா?" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். நான் கவனக்குறைவு என்று எழுதினேன்.

மனு போட்ட பன்னிரண்டாம் நாள் ரத்தை நீக்கி உத்தரவு வந்தது. பதிவு ரத்தாகிக் கிடந்த காலத்து ரிட்டர்ன்களை முப்பது நாளுக்குள் போட வேண்டும் என்றேன். அன்றைக்கே உட்கார்ந்து போடவைத்தார். ஆனால் அதற்குள் சகலையிடம் பெட்டி வாங்க ஆரம்பித்திருந்த சோப்புக் கம்பெனி பாதி ஆர்டரைத்தான் திருப்பிக் கொடுத்தது. மீதிப் பாதி சகலையிடமே தங்கிவிட்டது.

எழுந்து போகும்போது வாசலில் நின்றார்.

"அவன் மாசாமாசம் எத்தனாம் தேதி தாக்கல் பண்றான், மேடம்?"

"அதை உங்களுக்குச் சொன்னா, உங்களோடத அவர்கிட்டயும் சொல்லணும். பரவாயில்லையா?"

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"வேண்டாம். ஆனா என்னோடத அவனுக்கு ஒரு நாள் முன்னாலயே போட்டுடுங்க."