ஒரு தாளுக்கு ஒரு வகை

திருப்பதியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஞாயிறுதோறும் தெலுங்குக்காரர்களுக்குத் தமிழ் எழுதச் சொல்லித்தருகிறேன். சித்தூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதற்குப் பயப்படாத ஒரே மாணவி, ஒரு நர்ஸம்மா. கணவரும் மகளும் சென்னையில். அங்கே ஒரு மருத்துவமனை வேலை தரத் தயாராக இருந்தது, தமிழ்த் தேர்வில் தேறினால். முதல்முறை தவறிவிட்டார். இது இரண்டாவது, கடைசி வாய்ப்பு.

கோடிட்ட இடம் நிரப்பும் தாள்களை நானே தயாரிப்பேன். குழப்பம் வேண்டாமென்று ஒரு தாளுக்கு ஒரு வினை வகை. ஒன்றில் படி, எடு, கொடு: படித்தேன், எடுத்தேன், கொடுத்தேன். இன்னொன்றில் நட, பற, மற: நடந்தேன், பறந்தேன், மறந்தேன். முதல் இடத்தை மாதிரிக்காக நானே நிரப்பிவிடுவேன். அந்த அம்மா இருபதுக்கு இருபது வாங்குவார். அவர் தாளை வகுப்பில் எல்லோருக்கும் காட்டிப் பீற்றிக்கொள்வேன்.

தேர்வுக்கு முந்தின நாள் ஒரு பழைய கேள்வித்தாளைக் கொண்டுவந்து நிரப்பச் சொன்னேன். அதில் எல்லா வகைகளும் கலந்திருந்தன. முதல் விடை 'படித்தேன்' சரி. அடுத்தது 'நடத்தேன்'. அதற்கடுத்தது 'பேசுத்தேன்'. இருபதில் ஆறுதான் தேறியது.

"இத்தினி மாசமா இன்னா பண்ணிக்கினு இருந்த?" என்று கத்திவிட்டேன்.

"முதல் ஒண்ணு நீங்களே எழுதி வெச்சிருப்பீங்க மேடம். அதப் பாத்து மிச்சதெல்லாம் அப்பிடியே எழுதினேன்," என்றார் தெலுங்கில்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அன்று ஆடத் தெரியாதவள் நான். அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. நூறு வினைகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கலைத்துப் போட்டேன். ஒவ்வொன்றாக எடுத்தார். கேள், கேட்டேன். ஓடு, ஓடினேன். வளர் என்ற சீட்டில் திணறினார். செடி வளர்ந்தது, செடியை வளர்த்தேன் என்று இரண்டையும் சொல்லவைத்தேன். அவர் களைத்துப்போனதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. நான்கு மணிக்கு உட்கார்ந்தவர்கள், கடைக்காரர் ஷட்டரை இழுக்கும்வரை எழுந்திருக்கவில்லை. கடைசிச் சுற்றில்கூட முப்பதுக்கு மேல் தப்பு.

தேர்வு மூன்று மதிப்பெண்ணில் போய்விட்டது. முடிவு வந்த அன்று வகுப்பில் வைத்தே கணவருக்கு போன் செய்தார். "மேடம் நல்லாதான் சொல்லிக் குடுத்தாங்க. நான்தான் சரியா படிக்கல," என்றார் தெலுங்கில். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. போனை வாங்கினேன்.

"தப்பு அவங்களுது இல்லிங்க. நான் சொல்லிக்குடுத்த விதம் தப்பு."

"சரி மேடம்," என்றார் கணவர். "பாப்பாகிட்ட அம்மா இந்த மாசம் வந்துடுவான்னு சொல்லி வெச்சிருக்கேன். அதுகிட்ட இப்ப நான் இன்னா சொல்லட்டும்?"